கடை போனைப் பார்க்கும் தம்பிகளுக்கு

சித்திரையில் வாட்ஸ்அப் குரூப் வைத்து நாம் பட்ட பாடு போதும். ஒரு மைனி கருப்பட்டி விலை கேட்க, அதற்கு இருபது பேர் கும்பிடு போட, ஒரே நாளில் பதினோரு பேர் வெளியேறிவிட்டார்கள். இனி பிராட்காஸ்ட் லிஸ்ட் மட்டும்தான். நாம் அனுப்புவது எல்லாருக்கும் போகும், அவர்கள் பதில் நமக்கு மட்டும் வரும். ஒரு லிஸ்ட்டில் 256 பேருக்கு மேல் சேராது. நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் கிடைக்கும். அதனால் "சரக்கு வந்தால் சொல்லட்டுமா?" என்று கேட்டு, சரி என்றால் அங்கேயே பதியச் சொல்லுங்கள். பில்லுக்கு வாங்கிய நம்பர் பில்லுக்கு மட்டும்.

வாரத்துக்கு ஒரு மெசேஜ், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேல். என்ன வந்தது, என்ன விலை, என்ன தீர்ந்தது. ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் மட்டும் கூடுதலாக ஒன்று போகலாம். காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போய்த் தங்கிச் சமைக்கிறவர்கள் பலசரக்குக்குச் சிட்டை எழுதும் நேரம் அது. காலை வணக்கப் படம் கூடவே கூடாது, என் மச்சான் அனுப்பச் சொன்னாலும்.

விலை கேட்டால் விலையைச் சொல்லுங்கள். அதற்கு `/vilai` என்று குவிக் ரிப்ளை போட்டிருக்கிறேன்: "கருப்பட்டி கிலோ 400 ரூபாய். வேண்டுமென்றால் எடுத்து வைக்கிறோம்." அவர் பேசாமல் இருந்துவிட்டால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும். மறுநாள் "என்ன அக்கா, வேண்டாமா?" என்று கேட்பதுதான் ஆளை விரட்டுகிற வேலை. சரக்கு இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். நல்லெண்ணெய் கேட்டவரிடம் கடலை எண்ணெயைத் தள்ளாதீர்கள். கட்டைவிரல் படத்துக்குப் பதில் தேவையில்லை.

வயசாளிகள் வாய்ஸில் பேசுவார்கள். முழுக்கக் கேளுங்கள். பாதியில் ஊர்க்கதை வரும், கடைசியில்தான் கால் கிலோ சுக்கு வரும். அவர்களுக்கு எழுதாமல் கூப்பிட்டுப் பேசுங்கள்.

"வேண்டாம்", "நிறுத்துங்க" என்று யார் எழுதினாலும் அன்றே பெயரை எடுத்துவிட்டு, "சரிங்க, எடுத்துவிட்டோம்" என்று ஒரு வரி. ஏன் என்று கேட்கக் கூடாது. வீட்டில் துக்கம் என்று தெரிந்தால் நீங்களாகவே எடுத்துவிடுங்கள். பதினாறாம் நாள் கழிந்தபின் அவர்கள் கடைக்கு வரும்போது கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

புழு இருந்தது, எடை குறைந்தது என்று வந்தால் நீங்கள் பதில் எழுத வேண்டாம், போனை என்னிடம் கொடுங்கள். பற்று பாக்கியைப் பற்றி அந்த நம்பரில் ஒரு எழுத்துகூடப் போகக் கூடாது. அது நோட்டோடு இருக்கட்டும், நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.