படம் 3. உப்புக் கரைசலில் பொக்காலி, ஐ.ஆர்.29 நெல் நாற்றுகளின் சோடியம்–பொட்டாசிய விகிதம், இலைச்சேத மதிப்பெண், உலர் எடை

கேரளக் கடலோர உவர்நிலங்களில் விளையும் பொக்காலி உவரைத் தாங்கும் நெல்லாகவும், ஐ.ஆர்.29 உவரைத் தாங்காத ஒப்பீட்டு நெல்லாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 14 நாள் வயதுடைய நாற்றுகள் யோஷிதா ஊட்டக்கரைசலில் வைக்கப்பட்டன; பாதித் தட்டுகளில் மட்டும் சோடியம் குளோரைடு சேர்த்து, மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 12 டெசிசீமென்ஸ் அளவில் மேலும் 14 நாள் பேணப்பட்டது. ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு தட்டுகள் (இரு நெல் வகை, இரு கரைசல்) வீதம் ஆறு தொகுதிகளில், தொகுதிக்குள் தட்டுகளின் இடம் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது.

எல்லாப் பகுதிகளிலும் n என்பது தட்டுகளின் எண்ணிக்கையே. நாற்றுகளின் எண்ணிக்கை அன்று. ஒரு தட்டில் பத்து நாற்றுகள் இருந்தாலும் பத்தும் ஒரே கரைசலில் வேரூன்றி, ஒரே காற்றூதியின் குமிழிகளைப் பெறுவதால், அவற்றைப் பத்துத் தனித்தனிச் சான்றுகளாகக் கணக்கிட இயலாது. எனவே பத்து நாற்றுகளின் அளவீடுகளும் முதலில் ஒரே மதிப்பாகச் சுருக்கப்பட்டன (அ, இ பகுதிகளில் சராசரி, ஆ பகுதியில் இடைநிலை அளவு); படத்தில் காணும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தட்டு. பொக்காலிக்கு இரு கரைசல்களிலும் n = 6; ஐ.ஆர்.29க்குச் சாதாரணக் கரைசலில் n = 6, உப்புக் கரைசலில் n = 5. நான்காம் தொகுதியில் இருந்த ஒரு தட்டில் ஒன்பதாம் நாள் இரவு காற்றூதி நின்று, வேர்கள் அழுகிவிட்டன. அளவீடுகள் தொடங்கும் முன்பே அத்தட்டு விலக்கப்பட்டது. ஆக, 23 தட்டுகளும் 230 நாற்றுகளும் பகுப்பாய்வில் உள்ளன.

(அ) நாற்றின் தண்டு, இலைப் பகுதியில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம். செங்குத்து அச்சு மடக்கை அளவில் அல்லாமல் இயல்பான அளவில் வரையப்பட்டுள்ளது. பகுப்பாய்வோ மடக்கை எடுத்த மதிப்புகளில் செய்யப்பட்டது. கிடைக்கோடு பெருக்கல் சராசரியையும், பிழைக்கோடுகள் அதன் 95% நம்பிக்கை இடைவெளியையும் குறிக்கின்றன. அவை திட்ட விலக்கமோ திட்டப் பிழையோ அல்ல. மடக்கையிலிருந்து திருப்பி மாற்றப்பட்டவை ஆதலால் கோடுகள் மேலே நீண்டும் கீழே குறுகியும் இருக்கின்றன: உப்புக் கரைசலில் ஐ.ஆர்.29இன் சராசரி 1.75, இடைவெளி 1.33 முதல் 2.30 வரை, பொக்காலியின் சராசரி 0.55, இடைவெளி 0.42 முதல் 0.72 வரை. தொகுதியையும் சேர்த்த இருகாரணி மாறுபாட்டுப் பகுப்பாய்வில், நெல் வகையும் கரைசலும் ஒன்றன் விளைவை மற்றொன்று மாற்றுவது தெரிந்தது, F(1, 14) = 22.7, p < 0.001. முன்கூட்டியே திட்டமிட்ட இரண்டு ஒப்பீடுகள் ஹோம் முறையில் திருத்தப்பட்டன: உப்புக் கரைசலில் p < 0.001, சாதாரணக் கரைசலில் p = 0.17.

(ஆ) சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 1, 3, 5, 7, 9 என்ற அளவுகோலில் இலைச்சேத மதிப்பெண். 9 என்பது மிகுந்த சேதம். உப்புக் கரைசலில் இருந்த தட்டுகள் மட்டுமே காட்டப்பட்டுள்ளன. மதிப்பெண் வரிசையை மட்டுமே சொல்வதாலும், 3க்கும் 5க்கும் இடையிலான தொலைவு 7க்கும் 9க்கும் இடையிலானதற்குச் சமம் என்று கொள்ள ஆதாரம் இல்லாததாலும், இங்குச் சராசரியும் பிழைக்கோடும் வரையப்படவில்லை; கிடைக்கோடு இடைநிலை அளவு (பொக்காலி 3, ஐ.ஆர்.29 7). இருபக்க மான்–விட்னி சோதனையின் துல்லியக் கணக்கீடு, U = 0, p = 0.004. இச்சோதனை தொகுதிகளைக் கருத்தில் கொள்வதில்லை.

(இ) உலர் எடை, அதே தொகுதியின் சாதாரணக் கரைசல் தட்டின் எடையில் எத்தனை விழுக்காடு என்ற கணக்கில். கிடைக்கோடு கூட்டுச் சராசரி (பொக்காலி 78, ஐ.ஆர்.29 41), பிழைக்கோடுகள் 95% நம்பிக்கை இடைவெளி. சமமற்ற மாறுபாட்டுக்கான வெல்ச் சோதனை, t(8.9) = 7.2, p < 0.001, வேறுபாடு 37 விழுக்காட்டுப் புள்ளிகள், இடைவெளி 25 முதல் 49 வரை.

அ, இ பகுதிகளின் பிழைக்கோடுகள் ஒவ்வொரு குழுவின் சராசரிக்கும் தனித்தனியே உரியவை என்பதால், இரு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதையோ விலகி நிற்பதையோ வைத்து வேறுபாட்டை முடிவு செய்ய வேண்டாம். அதற்கு மேலே தந்த சோதனைகளையே பார்க்கவும். p மதிப்புகள் எல்லாம் இருபக்கச் சோதனைக்குரியவை. நட்சத்திரக் குறிகள் பயன்படுத்தப்படவில்லை.