6.30 மணிக் கச்சேரி 8.52க்குத் தொடங்கியது, ஒலியமைப்பும் சரியில்லை: பகுதிப் பணம் திரும்பக் கேட்டு ஏற்பாட்டாளருக்குப் புகார்

கோயம்புத்தூர்
10 பிப்ரவரி 2026

பெறுநர்: 7 பிப்ரவரி 2026, சனிக்கிழமை, கோவை அவிநாசி சாலை திறந்தவெளி மைதானத்தில் நடந்த திரையிசைக் கச்சேரியின் ஏற்பாட்டாளர் அவர்கள்

நகல்: சீட்டு விற்ற இணையதளத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 142 நிமிடத் தாமதம், ஒலிக் குறைபாடு, சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட கச்சேரிக்கு சில்வர் பகுதி, பி பிளாக், 14ஆம் வரிசையில் 21 முதல் 26 வரையிலான ஆறு இருக்கைகளுக்குச் சீட்டு வாங்கியவர்கள் நாங்கள். ஒரு சீட்டு 2,000 ரூபாய். ஆறுக்கும் 12,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,160, ஆக 14,160 ரூபாய். எங்களில் மூவர் மேடை ஒலியமைப்புத் தொழிலில் இருப்பவர்கள். அதனால் 'சத்தம் சரியில்லை' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எது எங்கே எப்போது தவறியது என்று எழுதுகிறோம். உங்கள் ஒலி ஒப்பந்ததாரரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே காட்டலாம்.

முதலில் நேரம். சீட்டில் அச்சிட்டிருப்பது: வாசல் திறப்பு 5.00, தொடக்கம் 6.30, மூன்றரை மணி நேர நேரடி இசை. நடந்தது: வாசல் திறந்தது 6.40க்கு. முதல் பாடல் தொடங்கியது 8.52க்கு. ஒலி நிறுத்தப்பட்டது 10.04க்கு. 210 நிமிடம் என்று விற்ற கச்சேரியில் கிடைத்தது 72 நிமிடம். அதிலும் விளம்பரதாரர் பேச்சுக்கும் குலுக்கல் பரிசுக்கும் 11 நிமிடம் போனது.

10.04க்கு நிறுத்தியதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சில விழா நாள்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை விலக்கு தரலாம். அப்படி ஒரு விலக்கு இருப்பதாக அன்று நீங்கள் அறிவிக்கவில்லை. ஆக, முடியும் நேரம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். தொடக்கம் ஒரு நிமிடம் தள்ளினால் கச்சேரியில் ஒரு நிமிடம் போகும். பின்னால் நீட்டி ஈடுகட்ட வழியில்லை. அப்படியிருந்தும் 7.45 வரை எந்த அறிவிப்பும் இல்லை. 7.45க்கு வந்த அறிவிப்பு, 'கலைஞர்களின் விமானம் தாமதம், இன்னும் பத்து நிமிடத்தில் தொடங்கும்' என்றது. அதற்குப் பிறகு 67 நிமிடம் ஆனது.

விமானத்தின் மேல் பழி போடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. மாலை 6.15க்கு, வாசல் பூட்டிக் கிடக்க, உள்ளே கிக் டிரம்மை மட்டும் தனியாக 'தம்... தம்... தம்' என்று அடித்து சவுண்ட் செக் செய்யும் சத்தம் வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. டிரம்ஸ் செக் என்பது பட்டியலில் முதல் வேலை. 14 வாத்தியக்காரர்களும் நான்கு பாடகர்களும் இருக்கும் மேடைக்கு, மைக்கும் வாத்திய இணைப்புமாக ஐம்பது சேனலாவது ஆகும். ஒவ்வொரு மைக்கும் மிக்சர் வரை சரியாக வருகிறதா என்று பார்க்கும் லைன் செக், கலைஞர்கள் மேடையில் தங்கள் இசையைக் கேட்க மானிட்டர் அமைப்பது, எல்லோரும் சேர்ந்து இரண்டு பாட்டு வாசித்துப் பார்ப்பது என்று இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். 5 மணிக்கு வாசல் திறக்க வேண்டுமானால் சவுண்ட் செக் பகல் 2 மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும். பாடகர் வராவிட்டாலும் லைன் செக் நிற்காது. மைக்கைப் பிடித்து 'ஹலோ, ஒன் டூ த்ரீ' சொல்ல ஒரு உதவியாளர் போதும். 6.15க்கு டிரம்ஸ் என்றால் ஸ்பீக்கர்கள் தொங்கியதே மாலையில்தான் என்று பொருள்.

ஒலி கெட்டதற்கும் இதுவேதான் காரணம். கூட்டம் உள்ளே வந்ததும் சவுண்ட் செக் பாதியில் நின்றது. மீதி வேலை, கச்சேரி ஓட ஓட எங்கள் காதில் நடந்தது.

எங்கள் இருக்கை மேடையிலிருந்து சுமார் 80 மீட்டர். எங்களுக்கு முன்னால் மேடையிலிருந்து சுமார் 55 மீட்டரில், பின்வரிசைகளுக்கு ஒலி தரும் ஸ்பீக்கர் கோபுரங்களான டிலே டவர்கள் இரண்டு நின்றன. அவற்றின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் டிலே கொடுக்கவே இல்லை, அல்லது தவறாகக் கொடுத்திருந்தார்கள். அன்றைய 25 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 346 மீட்டர் போகும். மேடை ஸ்பீக்கரின் ஒலி டவர் நிற்கும் இடத்துக்கு வந்து சேர 55ஐ 346ஆல் வகுத்தால் 0.159 வினாடி, அதாவது 159 மில்லிசெகண்ட். டவரின் ஒலியை அந்த அளவுக்குப் பிடித்துவைத்து, காதுக்கு மேடையிலிருந்தே வருவதுபோல் தோன்ற இன்னும் 10, 15 மில்லிசெகண்ட் கூட்டி வெளியே விட வேண்டும். விடாததால் ஸ்னேர் டிரம்மில் ஒரு அடி விழுந்தால் எங்களுக்கு இரண்டு அடி கேட்டது: முதலில் டவரிலிருந்து, பிறகு மேடையிலிருந்து. இடைவெளி 50 மில்லிசெகண்டைத் தாண்டினாலே பேச்சு எதிரொலியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும். இங்கே அதைப்போல மூன்று மடங்கு. வேகமான பாட்டில் ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தெரிந்த பாட்டையே வரி பிடிக்க முடியவில்லை.

ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு யாரோ இடது டவரையே அணைத்துவிட்டார்கள். எதிரொலி பாதி குறைந்தது. கூடவே இடப்பக்கப் பின்வரிசைகளுக்குப் பாட்டும் போனது. டிலே என்பது ஒலிச் செயலியில் ஒரு எண்ணை மாற்றும் வேலை. அளவு நாடாவும் ஐந்து நிமிடமும் போதும்.

அடுத்தது மிக்சர் மேசை. அது மைதானத்தின் நடுவில், மேடையிலிருந்து 30 மீட்டர் வாக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் விஐபி சோஃபாக்கள் கிடந்தன. மிக்சர், வலப்பக்க ஓரத்தில் தகரக் கூரைப் பந்தலுக்குள் ஒதுக்கப்பட்டிருந்தது. சப்வூஃபர்களை மேடையின் இரு பக்கமும் பிரித்து வைத்தால் இரண்டிலிருந்து வரும் தாழ்ந்த ஒலி நடுக்கோட்டில் கூடும், ஓரங்களில் சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துவிடும். பொறியாளர் உட்கார்ந்த ஓரத்தில் பேஸ் குறைவாகக் கேட்டிருக்கும், அவர் ஏற்றியிருப்பார். நடுவில் இருந்தவர்களுக்கு நெஞ்சு அதிர்ந்தது; தபலாவும் வயலின் குழுவும் அடியோடு காணாமல் போயின. பொறியாளரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவரை அங்கே உட்காரவைத்தது நீங்கள்.

மூன்றாவது பாட்டின் முதல் சரணத்தில் பாடகியின் வயர்லெஸ் மைக் செத்தது. சுமார் நாற்பது வினாடி, பெரிய திரையில் உதடு மட்டும் அசைந்தது. ஓர் உதவியாளர் ஓடிவந்து கொடுத்த மாற்று மைக்கும் மியூட்டில் இருந்ததால், பாடகி இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாடகரின் மைக்கை வாங்கிக்கொண்டார். முன்னணிப் பாடகர் ஒவ்வொருவருக்கும் மாற்று மைக் ஒன்று, புது பேட்டரியோடு, அதே சேனல் அமைப்போடு மேடை ஓரத்தில் காத்திருக்க வேண்டும். சுற்றியிருந்த ஒளி, ஒளிப்பதிவு, பாதுகாப்புக் குழுக்களின் வயர்லெஸ் கருவிகளோடு அலைவரிசை மோதாமல் முன்கூட்டியே ஸ்கேன் செய்து ஒதுக்கியிருக்கவும் வேண்டும்.

பாடகர்கள் ராம்ப்பில் இறங்கி வந்த மூன்று முறையும் காதைக் கிழிக்கும் ஹவுலிங். அந்த ராம்ப் மேடை ஸ்பீக்கர்களுக்கு முன்னால் 12 மீட்டர் நீண்டிருந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் திறந்த மைக்கோடு போனால் அப்படித்தான் ஆகும். ராம்ப் வேண்டுமென்றால், அந்தந்த மைக்கோடு அதில் நடந்து பார்த்து, எந்த அதிர்வெண் முதலில் ஊளையிடுகிறதோ அதை மட்டும் சில டெசிபல் இறக்கிவைக்க வேண்டும். இதுவும் சவுண்ட் செக்கில் முடிக்கிற வேலை.

கச்சேரி முழுக்க அமைதியான இடங்களில் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல் இருந்தது. மேடை விளக்குகள் மங்கும்போதும் ஏறும்போதும் அதுவும் கூடவே மாறியது. விளக்கும் ஒலியும் ஒரே ஜெனரேட்டரில் ஓடுவதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. ஒலிக்குத் தனி ஜெனரேட்டர், ஒரே புள்ளியில் எர்த், கீபோர்டை இரைச்சல் இல்லாமல் மிக்சரோடு இணைக்க கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டிஐ பாக்ஸ் ஆகியவை இருந்திருக்க வேண்டும். இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அன்று யாராவது அப்படிச் செய்திருந்தால் அது கலைஞர்களின் உயிரோடு விளையாட்டு. சரிபார்க்கவும்.

ஆதாரமாக இணைத்திருப்பவை: ஆறு சீட்டுகளின் நகல், பணம் செலுத்திய ரசீது, வாசல் பூட்டியிருந்த 6.15, முதல் பாடல் தொடங்கிய 8.52, ஒலி நின்ற 10.04 ஆகிய நேரங்கள் பதிவான படங்கள், நான்கு காணொளித் துணுக்குகள். இரண்டாவது துணுக்கில் ஸ்னேர் அடி இரண்டாகக் கேட்பது தெளிவாக உள்ளது. கைபேசிச் செயலி காட்டிய டெசிபல் அளவு எதையும் இணைக்கவில்லை. அளவீட்டுக்கென்று சரிபார்க்காத கருவியின் எண்ணை நாங்களே ஏற்க மாட்டோம்.

எங்கள் கோரிக்கை இது. 210 நிமிடத்தில் 138 நிமிடம் கிடைக்கவில்லை, ஏறக்குறைய 66 சதவீதம். 14,160 ரூபாயில் அதற்கு ஏறக்குறைய 9,300 ரூபாய். மீதி 4,860 ரூபாய்க்கு நடந்த கச்சேரி மேற்கண்ட நிலையில் இருந்ததால் அதில் பாதி, 2,430 ரூபாய். மொத்தம் 11,730 ரூபாய். வாகன நிறுத்தக் கட்டணத்தையோ இணையதளத்தின் சேவைக் கட்டணத்தையோ கேட்கவில்லை; அந்த வேலைகள் ஒழுங்காக நடந்தன. அடுத்த கச்சேரிக்கு இலவசச் சீட்டு தருவதாகச் சொன்னால் ஏற்பதற்கில்லை. பணம், வாங்கிய கணக்குக்கே திரும்ப வேண்டும். மற்ற சீட்டுதாரர்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் பதிலில் எழுதவும்.

சீட்டின் பின்புறம் 'தவிர்க்க முடியாத காரணங்களால் மாற்றம் ஏற்படலாம், பணம் திரும்பத் தரப்படாது' என்று இருப்பதைப் படித்தோம். மழை, மின்னல், கலைஞரின் திடீர் நோய் என்றால் நாங்களும் பேசாமல் போயிருப்போம். டிலே அமைக்காததும் மிக்சர் இடத்தில் சோஃபா போட்டதும் தவிர்க்க முடியாதவை அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு இதுதான்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வோம். அதிலும் தீராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டாண்டு அவகாசமும் உண்டு என்பதால் எங்களுக்கு அவசரம் இல்லை.

சீட்டுப் பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
சில்வர் பகுதி, பி பிளாக், வரிசை 14, இருக்கை 21 முதல் 26 வரையிலான சீட்டுதாரர்கள் ஆறு பேர்