காலபோகக் குறுஞ்செய்திகள், திருத்திய பிரதி

தம்பி, நீர் அனுப்பின செய்திகளைப் பார்த்தேன். விவசாய விஷயம் சரி, போதனாசிரியரும் ஒன்றும் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் நீளம் சரிவராது. முதலாவதை எடுத்துப் பாரும்:

```
கிளிநொச்சி மாவட்டத்தில் அடுத்த இரண்டு நாட்களுக்கு மழை எதிர்பார்க்கப்படுவதால் விவசாயிகள் யூரியா இடுவதைத் தவிர்க்கவும்.
```

இது 117 குறி. நீர் எழுதின ஆங்கிலப் பிரதியும் தற்செயலாக அதே 117 தான்:

```
Rain likely next 2 days. Do not apply urea now, it will wash away. Wait until water level falls. Questions: call 1920
```

ஆங்கிலம் ஒரே செய்தியாகப் போகும், ஏனென்றால் அதற்கு 160 வரை இடம் இருக்கு. தமிழ் யூனிகோடில் போவதால் 70 தான், அதைத் தாண்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் 67, மிச்ச இடத்தைத் துண்டுகளை ஒட்டுகிற தலைப்புத் தகவல் எடுத்துக்கொள்ளும். ஆகவே தமிழ்ப் பிரதிக்கு இரண்டு செய்திக் காசு. காசு கூடப் பரவாயில்லை, வெட்டு விழுகிற இடத்தைப் பாரும்: 67ஆவது குறி 'எதிர்பார்க்கப' என்பதில் முடியுது, ப்-இன் புள்ளி அடுத்த துண்டின் தலையில் ஏறுது. நல்ல போன் இரண்டையும் ஒட்டிக் காட்டிவிடும். ஒட்டத் தெரியாத பழைய பட்டன் போனில் இரண்டாம் துண்டு ஒரு வட்டத்தில் புள்ளி வைத்துத் தொடங்கும், சிலநேரம் அதுதான் முதல் வரும். 'யூரியா' அந்தத் துண்டில்தான் கிடக்குது. முதல் துண்டை மட்டும் பார்க்கிற ஆளுக்கு மழை வருமென்று மட்டும் தெரியும், அது அவருக்கு வானத்தைப் பார்த்தாலே தெரியும்.

நான் இப்படி மாற்றினேன், 64:

```
மழை நிற்கும் வரை யூரியா வேண்டாம். கழுவிப் போகும். சந்தேகம்: 1920
```

மாவட்டப் பெயர் வேண்டாம், பட்டியலே இரணைமடுக் கீழ் வயல்காரர்தானே. எண்ணும்போது எழுத்தை எண்ணாமல் குறிகளை எண்ணும்: 'க்' இரண்டு, 'கு' இரண்டு, 'போ' இரண்டு. அதே 'போ' சில பழைய விசைப்பலகைகளில் ே-யும் ா-வும் தனித்தனியாக விழுந்து மூன்றாகிவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கண்ணால் எண்ணுவதை விட்டுவிட்டு, செய்தி கிடக்கிற விரிதாளில் `=LEN(A2)` போட்டுப் பாரும், அது சரியாகச் சொல்லும்.

நெல்லில் விழுகிற தத்திப் பூச்சிக்கு இரண்டு செய்தி, இரண்டும் தனித்து நிற்க வேண்டும். முதலாவது, 66:

```
வாரம் ஒருமுறை நெல்லின் அடித்தண்டைப் பாருங்கள். கபிலத் தத்தி உண்டா?
```

மூன்று நாள் கழித்து இது, 67:

```
தத்தி கண்டால் யூரியா போடாதீர்கள். மருந்தடிக்க முன் 1920 அழையுங்கள்.
```

யூரியா கூடினால் பயிர் கரும்பச்சையாகி தத்தியும் பெருகும், அந்தக் காரணத்தையும் எழுத ஆசைதான், இடம் இல்லை. மருந்தின் பெயரும் அளவும் கேட்டிருந்தீர், குறுஞ்செய்தியில் போடமாட்டேன். பாதி வெட்டுப்பட்ட அளவு, அளவே சொல்லாததைவிட மோசம். அதைக் கமநல சேவை நிலையத்தில் ஆளோடு ஆள் பேசட்டும். முன்னால் 'வணக்கம்' போட வேண்டாம், இடைவெளியோடு எட்டுக் குறி போய் 75 ஆகிவிடும். மரியாதை குறையுது என்று யாராவது சொன்னால் என்னைக் கேட்கச் சொல்லும்.

அறுவடைக்கு, 68:

```
நெல்லைப் படங்கில் காயவிடுங்கள், வீதியில் வேண்டாம். ஈரப்பதன் 14% வரை.
```

நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கிற ஈரப்பதனும் அந்த 14 தான். ஆங்கிலம் கொழும்பிலிருந்து காணி பார்க்கிறவர்களுக்கு, 62:

```
Dry paddy on tarpaulin, not on the road. Stop at 14% moisture.
```

இதன் கடைசியில் 'கமக்காரர்' என்று தமிழில் கையொப்பம் போட்டிருந்தீர். ஒரு தமிழ்க் குறி விழுந்தாலே முழுச் செய்தியும் யூனிகோடாகும், 160 என்பது 70 ஆகும். இடைவெளியோடு பத்துக் குறி சேர்ந்து 72, அதனால் இரண்டு துண்டு. வேர்டிலிருந்து ஒட்டும்போது வருகிற வளைந்த மேற்கோள் குறியும் நீட்டுக் கோடும் இதே வேலையைத்தான் செய்யும், அதனால்தான் ஆங்கிலத்தில் `don't` எழுதாமல் `Do not` என்றே விட்டிருக்கிறேன்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து 160 ஆக்கலாமே என்று கேட்டிருந்தீர். எங்கள் பட்டியலில் பெரிய ஆட்கள்தான் அதிகம், `maruntu` என்று வந்தால் வாசிக்கப் பேரனைத்தான் கூப்பிட வேண்டும். தமிழுக்கென்று சுருக்கு அட்டவணை ஒன்று தரநிலையில் இருக்கு, ஆனால் அனுப்புகிற பக்கமும் போனும் இரண்டும் அதைப் புரிந்தால்தான் உதவும், அதை நம்பி இறங்க வேண்டாம்.

அனுப்ப முன் எங்கள் அலுவலகப் பட்டன் போனுக்கு ஒவ்வொன்றையும் ஒருதரம் அனுப்பிப் பாரும். யூரியாச் செய்தி இன்று பின்னேரமே போகட்டும், மேகம் கறுத்துக் கிடக்குது.