கால் மரத்துப்போனால் எந்த நரம்பு? டெர்மடோம், மயோடோம் பிடிபட ஒரு வழி

முதல் தடவை வார்டு போஸ்டிங் போகும் பிஸியோ மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, வால் எலும்பில் 1. ஒரு நரம்பு வேர் உணர்ச்சி கொடுக்கும் தோல் பகுதி டெர்மடோம், அதே வேர் இயக்கும் தசைகள் மயோடோம். அவ்வளவுதான்.

படத்தில் இருக்கும் வண்ணப் பட்டைகளை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்துப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும், படத்துக்குப் படம் கோடும் மாறும். அதற்குப் பதிலாகச் சில புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் சி6, நடுவிரல் சி7, சுண்டுவிரல் சி8. மார்புக்காம்பு டி4, தொப்புள் டி10. முழங்காலின் உள்பக்கம் எல்3, உள்கணுக்கால் எல்4, பாதத்தின் மேல்பக்கம் எல்5, குதிகாலின் வெளிப்பக்கம் எஸ்1. நடுவில் இருப்பதெல்லாம் இவற்றை வைத்தே ஊகிக்கலாம்.

தசைகளை உங்கள் உடம்பிலேயே செய்து பாருங்கள், எளிதில் மறக்காது. முழங்கையை மடக்கு (சி5), மணிக்கட்டை மேலே தூக்கு (சி6), முழங்கையை நீட்டு (சி7), விரல்களை மடக்கு (சி8), விரி (டி1). கீழே வந்தால், தொடையைத் தூக்கு (எல்2), முழங்காலை நீட்டு (எல்3), பாதத்தை மேலே இழு (எல்4), கால் பெருவிரலைத் தூக்கு (எல்5), நுனிக்காலில் நில் (எஸ்1). ஒரு தசைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் உண்டு. இங்கே சொல்வது முக்கியமான வேர் மட்டும்.

சரி, ஒரு கேஸ். 42 வயது லாரி டிரைவர், இடுப்பிலிருந்து வலது காலுக்கு வலி இறங்குகிறது, பாதத்தின் மேல்பக்கம் மரப்பு. பஞ்சால் தொட்டும் குண்டூசியால் மெல்லக் குத்தியும் இடது காலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள், எல்5 இடத்தில் குறைகிறது. பெருவிரலைத் தூக்கச் சொல்லி உங்கள் விரலால் அழுத்தினால் சட்டென்று கீழே போய்விடுகிறது. முழங்கால் ரிஃப்ளெக்ஸ் (எல்3, எல்4) நன்றாக இருக்கிறது, கணுக்கால் ரிஃப்ளெக்ஸும் (எஸ்1) இருக்கிறது. அப்போது மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, எல்5தான் என்று முடிவுகட்டத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் பெரோனியல் நரம்பு அழுந்தினாலும் இதே மரப்பு, இதே பலவீனம் வரும். பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து மேல் காலைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்கள். இவை எல்5 வேரிலிருந்து வேறு நரம்புகள் வழியாகப் போகும் வேலைகள். இவையும் பலவீனமாக இருந்தால் சிக்கல் முதுகில்தான், பெரும்பாலும் எல்4க்கும் எல்5க்கும் நடுவே இருக்கும் டிஸ்க். தோல், தசை, ரிஃப்ளெக்ஸ் மூன்றும் ஒரே வேரைக் காட்டாதவரை லெவலை எழுதாதீர்கள்.

கழுத்தில் ஒரு சிக்கல்: எலும்பு 7, நரம்பு 8. அதனால் அங்கே நரம்பு தன் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியேறும், சி8 மட்டும் சி7 எலும்புக்குக் கீழே, அதற்கப்புறம் எல்லாமே தன் எலும்புக்குக் கீழேதான்.

அப்புறம், ஆசனவாயைச் சுற்றி மரப்பு, சிறுநீர் போவதில் சிரமம் என்று யாராவது சொன்னால் மேப்பிங் எல்லாம் பிறகு, உடனே டாக்டரிடம் சொல்லி அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.