ஜூலை 24 இரவு உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது பற்றி

மதுரை
18.08.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம்.

ஜூலை 30 தேதியிட்ட உங்கள் புகாருக்கு ஆகஸ்ட் 4 அன்று எங்களிடமிருந்து ஒரு பதில் வந்திருக்கும். "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று நாலு வரி. மூன்று பக்கம் கைப்பட எழுதியவருக்கு அப்படி ஒரு பதில் போயிருக்கவே கூடாது. பெற்ற அப்பா உங்களையே அடையாளம் தெரியாமல் பார்த்த இரவை அசௌகரியம் என்று எழுதியிருந்தோம். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட், மருந்துச் சார்ட், அழைப்பு மணியின் பதிவு எல்லாவற்றையும் நானே பார்த்தேன். அன்று மாலையும் இரவும் பணியில் இருந்த ஐந்து பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். அதற்கு அப்புறம்தான் இதை எழுதுகிறேன்.

தவறு எங்களுடையது. உங்கள் அப்பாவுக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, சாப்பாடு கொடுக்காமல் விட்டோம். அதனால் சர்க்கரை இறங்கி அவர் தடுமாறியபோது நீங்கள் கூப்பிட்டீர்கள், நாங்கள் வரவில்லை. இரண்டுக்கும் உங்களிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

"சாப்பாடு வராது என்று ஊசி போட்டவருக்குத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். உண்மையில் அவருக்குத் தெரியவில்லை. தெரிய வழி இல்லாதபடி எங்கள் ஏற்பாடு இருந்தது. அன்று மாலை 6.40-க்கு, வயிற்று வலி என்று அப்பா சொன்னதால், டாக்டர் வயிற்று ஸ்கேன் எழுதினார். அதற்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதால் "சாப்பாடு வேண்டாம்" என்று கேஸ் ஷீட்டில் குறித்தார். அந்தத் தகவல் சமையல் பிரிவுக்குப் போனது, இரவுச் சாப்பாட்டுத் தட்டு நின்றது. ஆனால் மருந்துச் சார்ட் தனித் தாள். அதில் யாரும் எதுவும் எழுதவில்லை. 7.05-க்கு ஊசி போட வந்த நர்ஸ் கையில் இருந்தது அந்தச் சார்ட் மட்டும்தான். இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு 12 யூனிட் என்று இருந்தது, போட்டார். அந்த வகை இன்சுலின் அரை மணியில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். எட்டு மணிக்கு முடிய வேண்டிய ஸ்கேன், அவசரப் பிரிவில் வந்த ஒரு விபத்து கேஸால் தள்ளிப் போனது. தள்ளிப் போனதை வார்டுக்கு யாரும் சொல்லவில்லை. ஆக, உச்ச வேகத்தில் இன்சுலின், வயிற்றில் ஒன்றுமில்லை. உங்கள் அப்பா அந்த நிலையில் கட்டிலில் காத்துக்கொண்டிருந்தார்.

மணிப் பதிவு நீங்கள் எழுதிய நேரங்களோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போகிறது. 8.52, 8.58, 9.05 என்று மூன்று முறை அழுத்தியிருக்கிறீர்கள். 9.14-க்குத்தான் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். 41 மில்லிகிராம். 70-க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். 54-க்குக் கீழே என்றால் மூளைக்குப் போதுமான சர்க்கரை கிடைக்காமல் பேச்சும் நினைவும் குழறத் தொடங்கும். ரத்தக் குழாய் வழியாக 25 சதவீத குளுக்கோஸ் 100 மில்லி ஏற்றிய பிறகு, 9.29-க்கு 118 வந்தது. முதல் மணிக்கும் சர்க்கரை பார்த்ததற்கும் இடையில் போன 22 நிமிடங்களுக்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை.

மணி ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் மேசையில் இருக்கும் மணிப் பலகையின் ஒலியைப் பல வாரங்களாக யாரோ குறைத்து வைத்திருந்தார்கள். இரவில் நோயாளிகள் தூங்குவதற்காக என்று சொன்னார்கள். விளக்கு எரியும், மேசையில் ஆள் இருந்தால்தான் தெரியும். அன்று 24 கட்டிலுக்கு இருக்க வேண்டிய மூன்று நர்ஸுகளில் ஒருவர் விடுப்பு. மற்ற இருவரும் வேறு கட்டில்களில் இருந்தார்கள்.

மூன்றாவது முறைக்குப் பிறகு நீங்களே ஓடி வந்து சொன்னபோது கிடைத்த பதில் இது: "சுகர் இருந்தா வேர்க்கத்தான் செய்யும், டாக்டர் வருவாரு." உங்கள் கடிதத்தில் இந்த வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தீர்கள். "முப்பது வருஷம் பஸ் ஓட்டின கை, நடுங்கி நான் பார்த்ததே இல்லை" என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை நான் பல முறை படித்தேன். ஒருவருக்கு எது வழக்கம், எது வழக்கமில்லை என்று வீட்டு ஆட்களைவிட எங்களுக்குத் தெரிந்துவிடாது. நீங்கள் அன்று சொன்னதுதான் எங்கள் வார்டில் அப்போது இருந்த மிகச் சரியான மருத்துவத் தகவல். அதைக் கேட்டிருந்தால் ஒன்பது நிமிடமாவது மிச்சமாகியிருக்கும். அப்படிப் பேசிய நர்ஸ் தன் வார்த்தைக்காக வருந்துகிறார். நீங்கள் விரும்பினால் நேரில் வந்து சொல்லத் தயாராக இருக்கிறார், விரும்பாவிட்டால் வற்புறுத்த மாட்டோம். அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் உங்களுக்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு தாள்களும் அப்படியேதான் இருக்கும், அடுத்த நர்ஸும் அதே இடத்தில் தடுக்கி விழுவார்.

இனி மாற்றியவை. ஆகஸ்ட் 6 முதல், சாப்பாட்டு நேர இன்சுலினைத் தட்டு கட்டிலுக்கு வந்து சேராமல் போடக் கூடாது. தட்டைக் கண்ணால் பார்த்தேன் என்று ஊசி போடுபவர் சார்ட்டில் கையெழுத்திட வேண்டும். அரை மணி முன்பு போட வேண்டிய வகையாக இருந்தால், தட்டு அதற்கு முன்பே வந்து மூடி வைக்கப்படும். இதற்காகச் சமையல் பிரிவின் நேரத்தை 35 நிமிடம் முன்னால் நகர்த்தினோம். "சாப்பாடு வேண்டாம்" என்று எழுதும் டாக்டரே, அதே நேரத்தில் மருந்துச் சார்ட்டிலும் இன்சுலினை என்ன செய்வது என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் நர்ஸ் போன் செய்து கேட்கும் வரை ஊசி நிற்கும். கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு அட்டை தொங்கும். இந்த 12 நாட்களில் இரண்டு முறை இப்படி ஊசி நிறுத்தப்பட்டு, டாக்டரைக் கேட்ட பிறகு அளவு மாற்றப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு சார்ட்டையும் நான் பார்த்தேன்.

சர்க்கரை நோயாளிக்கு வெறும் வயிற்றில் எடுக்கும் ஸ்கேன் இனி காலை முதல் வரிசையில்தான். அவசரம் என்றால் மட்டும் மாலையில். அப்படி மாலையில் எடுக்கும்போது மணிக்கு ஒரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். ஸ்கேன் அரை மணிக்கு மேல் தள்ளினால் ஸ்கேன் பிரிவு வார்டுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு நர்ஸ் மேசையிலும் இப்போது ஒரு மஞ்சள் பெட்டி இருக்கிறது. குளுக்கோஸ் பவுடர், 25 சதவீத குளுக்கோஸ் பாட்டில், சர்க்கரை பார்க்கும் கருவி, ஊசிகள். 70-க்குக் கீழே போனால் டாக்டரின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் நர்ஸே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அன்று குளுக்கோஸ் பாட்டில் மருந்தகத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அதில் மட்டும் நாலு நிமிடம் போனது.

மணிப் பலகையின் ஒலிக் குமிழைக் கழற்றிவிட்டோம், இனி யாரும் குறைக்க முடியாது. மூன்று நிமிடத்தில் யாரும் வராவிட்டால் அந்த அழைப்பு ட்யூட்டி டாக்டரின் போனுக்குப் போகும். அப்புறம், வார்டில் சொல்லிக் கேட்கவில்லை என்றால் குடும்பத்தினர் நேராக ட்யூட்டி டாக்டரைக் கூப்பிடும் எண் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் தமிழில் ஒட்டியிருக்கிறது. அது உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் கேட்டதுதான்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. இரவில் மூன்றாவது நர்ஸ் விடுப்பெடுத்தால் மாற்று ஆள் எல்லா நாளும் கிடைப்பதில்லை. இரண்டு பேரை வேலைக்கு எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது, சேர செப்டம்பர் நடுப்பகுதி ஆகலாம். அதுவரை ஆள் குறையும் இரவுகளில் புதிதாகச் சேரும் நோயாளிகளை அந்த வார்டில் எடுப்பதில்லை.

பில் விஷயம். அன்று இரவு கண்காணிப்பு அறையில் வைத்ததற்கும், குளுக்கோஸுக்கும், பரிசோதனைகளுக்கும் சேர்த்து ரூ. 6,850 வாங்கியிருந்தோம். எங்கள் தவறுக்கு உங்களிடம் காசு வாங்கியது அது. கேட்டும் திருப்பித் தராதது இன்னொரு தவறு. அந்தத் தொகை ஆகஸ்ட் 14 அன்று உங்கள் அப்பாவின் வங்கிக் கணக்கில் போடப்பட்டுள்ளது. இதற்காக எந்தத் தாளிலும் கையெழுத்துக் கேட்க மாட்டோம், பணம் வந்ததால் புகார் முடிந்தது என்றும் சொல்ல மாட்டோம்.

அப்பாவுக்கு இதனால் நிரந்தரப் பாதிப்பு வருமா என்று கவலைப்பட்டிருந்தீர்கள். குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களிலேயே அவர் தெளிவாகப் பேசியிருக்கிறார், மறுநாள் காலைப் பரிசோதனையும் சரியாக இருந்தது. பொதுவாக இப்படி முழுதாகத் தெளிந்தவர்களுக்குப் பின்விளைவு இருப்பதில்லை. ஆனாலும் எங்கள் பொது மருத்துவர் அவரை ஒரு முறை நேரில் பார்க்க விரும்புகிறார், கட்டணம் இல்லை. வேறு டாக்டரிடம் காட்ட நினைத்தால் அதுவும் சரி. வீட்டில் மறுபடி வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேஸ் ஷீட் நகல் கேட்டு அலைந்ததாக எழுதியிருந்தீர்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி, நாங்கள் தரவில்லை. முழு நகலும் மணிப் பதிவும் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. அதைப் படித்த பிறகும் மனம் ஆறாவிட்டால், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், சம்பவ நாளிலிருந்து இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. எங்கள் பதிவுகள் எதையும் அவர்களிடம் மறைக்க மாட்டோம்.

நவம்பர் மாதம் அந்த வார்டின் இன்சுலின் சார்ட்டுகள் முழுவதையும் சரிபார்த்து, என்ன கண்டோம் என்று உங்களுக்கு எழுதுகிறேன். இடையில் பேச வேண்டுமென்றால் மருத்துவமனை எண்ணில் கண்காணிப்பாளர் அறை என்று கேளுங்கள், என்னிடம் தருவார்கள். நேரில் வருவதானால் திருமங்கலத்திலிருந்து நீங்கள் அலைய வேண்டாம், உங்களுக்கு வசதியான நாளில் நானும் நர்ஸிங் கண்காணிப்பாளரும் வீட்டுக்கு வருகிறோம். அப்பாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் இருக்கிறது.

இப்படிக்கு,
மருத்துவக் கண்காணிப்பாளர்

இணைப்பு: கேஸ் ஷீட் நகல், மருந்துச் சார்ட் நகல், அழைப்பு மணிப் பதிவு, பணம் திருப்பியதற்கான ரசீது