தரக்கட்டுப்பாட்டுப் பகுப்பாய்வாளர் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்
இரா. கவிதா, பி.எஸ்சி. (வேதியியல்),
செய்யாறு, திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
மனிதவள மேலாளர் அவர்கள்,
மாத்திரைத் தயாரிப்புப் பிரிவு,
சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை, ஆலத்தூர்,
செங்கல்பட்டு மாவட்டம்.

நாள்: 12.01.2026

பொருள்: தரக்கட்டுப்பாட்டுப் பகுப்பாய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்குப் பகுப்பாய்வாளர் தேவை என்று நாளிதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். 2024-இல் திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் பட்டம் முடித்தேன். அதன்பின் தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில், புதுச்சேரி அருகே மாத்திரை தயாரிக்கும் ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஓராண்டு பயிற்சி பெற்றேன். இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன்.

பயிற்சியில் என் கையில் அதிகம் புழங்கியது பாரசிட்டமால் மாத்திரை. இருபது மாத்திரையை எடைபோட்டுப் பொடியாக்கி, சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, வடிகட்டி, இருமுறை நீர்த்து, 257 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படிக்கும் இந்திய மருந்தியல் நூல் முறையைத் தனியாகச் செய்வேன். 715 என்ற குறிப்பெண்ணை வைத்துக் கணக்கிட்டால், சரியாக நீர்த்த கரைசல் 0.54 அருகே படிக்க வேண்டும். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் கருவி முன் உட்காருவேன். எதிர்பார்ப்பு ஒன்று இருந்தால்தானே விலகல் கண்ணில் படும்!

ஒருமுறை எங்கள் பிரிவில் ஒரு பேட்ச்சின் மதிப்பீடு 93.6 விழுக்காடு வந்தது. வரம்பு 95 முதல் 105 வரை. மறுபடி மாதிரி எடுத்துச் செய்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, முதல் கரைசல்களைக் கொட்டாமல் வைத்திருக்கிறோமா என்றுதான் மூத்த பகுப்பாய்வாளர் கேட்டார். வைத்திருந்தோம். அதே இறுதிக் கரைசலைத் திரும்பப் படித்தோம், எண் மாறவில்லை. மூலக்கரைசலிலிருந்து புதிதாக நீர்த்துப் படித்தபோது 99-ஐத் தாண்டியது. பிழை மாத்திரையில் இல்லை, பிப்பெட்டில். அந்த விசாரணைப் பதிவை எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பழைய எண்ணை அழிக்காமல், ஒரே கோடு போட்டு அடித்து, காரணம், தேதி, கையொப்பத்தோடு எழுதும் பழக்கம் அங்கே வந்ததுதான். முடிவு அறிக்கை பார்வையிடப்படும்வரை எந்தக் கரைசலையும் நான் கொட்டுவதில்லை.

ஹெச்.பி.எல்.சி. கருவியில் நகர்நிலைக் கரைசல் தயாரித்து 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிப்பது, காற்றுக் குமிழ் நீக்குவது, தொடர்ந்து ஊசியேற்றிய தரக்கரைசலின் ஒப்பீட்டு விலக்கம் 2 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது வரை செய்திருக்கிறேன். வேலை முடிந்ததும் முதலில் தண்ணீரால் கழுவி உப்பை வெளியேற்றிய பிறகே கருவியின் பிரிப்புக் குழாய்க்கு மெத்தனால் விடுவேன். அவசரப்பட்டால் பஃபர் உப்பு உள்ளே படிந்து அந்தக் குழாய் வீணாகும். உச்சிகளை ஒருங்கிணைக்கும் வேலையை மூத்தவர் மேற்பார்வையில் மட்டுமே செய்திருக்கிறேன். வாயு வண்ணப்படிவுக் கருவியை அருகிலிருந்து பார்த்ததோடு சரி. இருமல் மருந்துகளில் டைஎத்திலீன் கிளைகால் கலந்து குழந்தைகள் இறந்தபின், புரொப்பிலீன் கிளைகால் டிரம் ஒவ்வொன்றையும் அந்தக் கருவியில் 0.1 விழுக்காட்டு வரம்புக்குச் சோதிப்பது எவ்வளவு முக்கியம் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கற்றுக்கொள்ள ஆர்வமாக இருக்கிறேன்.

கார்ல் ஃபிஷர் கருவியைச் சோடியம் டார்ட்ரேட் டைஹைட்ரேட் கொண்டு தரப்படுத்துவது, பி.ஹெச். மீட்டர், தராசு ஆகியவற்றின் தினசரிச் சரிபார்ப்பு, கரைதல் சோதனை, டைட்ரேஷன் எல்லாம் அன்றாடம் செய்தவை. இப்போதைய வேலையில் இ.டி.டி.ஏ. டைட்ரேஷன் தினமும் உண்டு. கை பழகியே இருக்கிறது.

திருத்தப்பட்ட ஷெட்யூல் எம் விதிகளைப் படித்திருக்கிறேன். தங்கள் ஆலையில் அனுபவம் பெற்று, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதல் பெற்ற கெமிஸ்ட் ஆக வேண்டும் என்பது என் நோக்கம். அதனால் ஓராண்டில் விட்டுப்போகும் எண்ணத்தில் வரவில்லை.

மூன்று ஷிப்ட்டிலும் வேலை செய்யத் தயார். திருப்போரூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வேன் என்பதால் போக்குவரத்தில் சிரமம் இருக்காது. தற்போதைய கூடத்தில் பதினைந்து நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அது முடிந்ததும் சேர்ந்துவிடலாம். ஊதியத்தைப் பொறுத்தவரை, தங்கள் ஆலையில் இந்தப் பணிக்கு உள்ள தொடக்க ஊதியம் எனக்குச் சம்மதம்.

தன்விவரக் குறிப்பு, பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். தொலைபேசி எண் தன்விவரக் குறிப்பில் உள்ளது. நேர்காணலோடு செய்முறைத் தேர்வும் வைப்பதாக இருந்தால் மகிழ்வேன். ஆய்வக அங்கியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. கவிதா