செந்தில் அண்ணா, அந்த அறுபதாம் கல்யாண குரூப் போட்டோ விஷயமா

அண்ணா வணக்கம். உங்க வாய்ஸ் நோட் ரெண்டும் கேட்டேன். போன் போட்டா நடுவுல யாராவது கஸ்டமர் வந்து பேச்சு அறுந்துடும், அதான் டைப்பே பண்ணிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், டீ குடிக்கும்போது படிங்க.

நேரா சொல்லிடறேன். DSC_4127ல சின்ன மருமகளோட முகத்தை ஒல்லியாக்கித் தர்றது என்னால முடியாதுண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க. மத்த எல்லா வேலையும் பண்றேன், அதுக்கு மேலயும் ஒண்ணு ரெண்டு பண்றேன், கீழ சொல்றேன். இது மட்டும் வேணாம்.

கேட்டது பெரிய மருமக. நல்ல மனசோடதான் கேட்டிருக்காங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. "ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு முகம் உப்பிப் போச்சு, ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டினா தினம் பாத்து வருத்தப்படுவா, பழைய மாதிரி பண்ணிடுங்க"ன்னு அவங்க சொன்னதை நீங்க சொன்னப்போ எனக்கும் ஒரு நிமிஷம் செஞ்சுடலாம்னுதான் தோணுச்சு. ஆனா முகம் யாருதோ அவங்க ஒரு வார்த்தை சொல்லல. ஹால்ல மாட்டின படத்தைப் பாக்குற அன்னைக்கு அவங்களுக்கு என்ன தெரியும் யோசிச்சுப் பாருங்க. வீட்ல எல்லாரும் சேர்ந்து தன் முகத்தைப் பத்திப் பேசி, இப்படியே மாட்ட முடியாதுன்னு முடிவு பண்ணி, ஸ்டுடியோவுக்கு சொல்லி விட்டிருக்காங்கன்னு தெரியும். அதுக்கு அப்புறம் பெரியவங்க என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. உப்பின முகம் கொஞ்ச மாசத்துல வடிஞ்சுடலாம், இது வடியுமா சொல்லுங்க.

நீங்க ஒண்ணு கேட்டீங்க, நியாயமான கேள்விதான், பருவை யாரையும் கேக்காமத்தானே எடுக்குற, கொசு கடிச்ச தழும்பை எடுக்குற, இதுவும் கொஞ்ச நாள்ல போகப்போறதுதானே, ரெண்டும் ஒண்ணுதானேன்னு. நானும் ராத்திரி பூரா அதையேதான் யோசிச்சேன். பருவை எடுத்தா அங்க அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், பக்கத்துல இருக்கிற அவங்க தோலேதான், ஹீலிங் பிரஷ் அதைத்தான் எடுத்துப் போடுது. இங்க அப்படி என்ன தெரியும் எனக்கு? அவங்க தாடை எங்க முடியும், கன்னம் எவ்வளவு உள்ள போகும், எதுவுமே தெரியாது. பழைய படம் ஒண்ணு வாட்ஸப்ல வாங்கி அனுப்பறேன்னு சொல்றீங்க, அது வேற லைட், வேற லென்ஸ், தலை வேற பக்கம் திரும்பியிருக்கும், கடைசியில நானா ஒரு தாடையைக் கற்பனை பண்ணித்தான் வைக்கணும். அப்புறம் பருவுக்காக ஒருத்தர் வருஷக்கணக்கா ஆஸ்பத்திரிக்கு அலையறதில்ல. உடம்பு முடியாத அந்த வருஷம் படத்துல இருக்கணுமா வேண்டாமாங்கிறது அவங்க சொல்ல வேண்டியது, அதை நானும் ஓரகத்தியும் சேர்ந்து முடிவு பண்ணக் கூடாது.

அண்ணா, நீங்க அன்னைக்கு ஷூட்ல ஓடிட்டு இருந்திருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க, நான் வரிசையா ஃப்ரேம் பாக்குறதால கண்ல பட்டுது. 4119, 4120 ரெண்டுலயும் அவங்க இல்லவே இல்ல. 4121ல கல்யாண மாப்பிள்ளை, அதாங்க அறுபது முடிஞ்ச மாமா, மாலையோட பாதி திரும்பி கையை நீட்டி யாரையோ கூப்புடறாரு, சரிகை அங்கவஸ்திரம் தோள்லேர்ந்து நழுவி முழங்கைல தொங்குது. அடுத்த ஃப்ரேம்ல தூண் பக்கத்துலேர்ந்து இவங்க வர்றாங்க, முந்தானையைக் கன்னத்துக்கிட்ட பிடிச்சுக்கிட்டு. 4127ல இடது ஓரத்துல நின்னு, முந்தானையை விட்டுட்டு, கேமராவைப் பாக்குறாங்க. வரமாட்டேன்னு ஒதுங்கி நின்னவங்க மாமனார் கூப்பிட்டாருன்னு வந்து நின்னிருக்காங்க, அந்த முகத்தோடயே. இதைப் பாத்த பிறகு லிக்விஃபை திறக்க எனக்கு மனசு வரல.

இப்போ நம்ம தொழில் பக்கம் வாங்க, இதுல உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு.

மண்டபத்துல பின்னாடி போக இடமில்லைன்னு நீங்க 24-70ல 24லயே வெச்சு எடுத்திருக்கீங்க, மெட்டாடேட்டால இருக்கு. 24 எம்எம்ல நடுவுல நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஓரத்துல நிக்கிறவங்க தலை வெளிப்பக்கமா இழுபடும், ஃபுல் ஃப்ரேம்ல கடைசி ஓரத்துல கிட்டத்தட்ட கால் பங்கு வரைக்கும் அகலமாகும். அவங்க இடது ஓரம். அதாவது பெரிய மருமக பாத்துட்டுப் பதறின அந்த அகலத்துல ஒரு பங்கு மாத்திரையோடது இல்ல, நம்ம லென்ஸோடது. வலது ஓரத்துல சோடா பாட்டில் மாதிரி ஒல்லியா இருக்குற அந்த காலேஜ் பையனைப் பாருங்க, அவனுக்கும் கன்னம் வந்திருக்கு, அவனுக்கு யாரும் பரிஞ்சு பேசல அவ்வளவுதான். இதை நான் சரி பண்றேன். அடாப்டிவ் வைட் ஆங்கிள்ல ரெண்டு ஓரத்தையும் ஒரே அளவுல உள்ள கொண்டு வர்றேன், எல்லாருக்கும் ஒரே கணக்கு. கேமரா கெடுத்ததைத் திருப்பிக் குடுக்குறதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டியதில்ல.

அடுத்தது ஃபிளாஷ். இடது பக்கச் சுவர்ல பவுன்ஸ் ஆகி அவங்க கன்னத்துல ஒரு பளபளப்பு விழுந்திருக்கு, அதனால முகம் தட்டையா தெரியுது. பக்கத்துல நிக்கிற அத்தை மேல என்ன வெளிச்சம் இருக்கோ அந்த அளவுக்குக் குறைச்சுடறேன். அதுக்கு மேல தாடைக்குக் கீழ பர்ன் பண்ணி நிழல் போட்டு ஒல்லியா காட்டலாம்தான், அது பின்வாசல் வழியா அதே வேலை, அதுவும் வேணாம்.

லிக்விஃபைல ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு பெரிய மருமக சொன்னதா சொன்னீங்க. 2016ல ஃபோட்டோஷாப்ல ஃபேஸ் அவேர் வந்ததுலேர்ந்து எல்லாரும் இப்படித்தான் நினைக்குறாங்க, ஜாலைன்னு ஒரு ஸ்லைடர், ஃபேஸ் விட்த்னு ஒரு ஸ்லைடர், இழுத்தா முடிஞ்சுது. ஒத்தையா நிக்கிற போர்ட்ரெய்ட்டுன்னா சரி. இங்க அவங்க ஜிமிக்கி கன்னத்தை ஒட்டித் தொங்குது, அதுக்குப் பின்னாடியே மண்டபத் தூணோட நேர் விளிம்பு, தோள் மேல வீட்டுக்காரர் கை. தாடையை உள்ள தள்ளினா ஜிமிக்கி சப்பையாகும், தூண் வளையும், எல்லாத்தையும் ஃப்ரீஸ் மாஸ்க் போட்டுக் காப்பாத்தினாலும் கழுத்து அப்படியே இருக்கும், அந்தக் கழுத்து மேல சின்ன முகம் உக்காந்தா வேற யாரோ தலையைக் கொண்டு வந்து வெச்ச மாதிரி ஆகிடும். 20x30 பிரிண்ட்ல, அதுவும் மேட் லேமினேஷன்ல, வர்ற விருந்தாளி எல்லாரும் முதல்ல அங்கதான் பாப்பாங்க. போதாக்குறைக்கு ஆல்பத்துல கலச அபிஷேகப் பக்கத்துல அவங்க தண்ணி ஊத்துற க்ளோசப் இருக்கு, வீடியோல பூராவும் இருக்காங்க. எத்தனை இடத்துல மாத்துறது?

2003ல கேட் வின்ஸ்லெட் ஜிக்யூ அட்டையில வந்தப்போ என் கால்ல மூணுல ஒரு பங்கைக் குறைச்சுட்டாங்க, நான் அப்படியும் இல்ல, அப்படி ஆகணும்னு ஆசையும் இல்லன்னு அவங்க வெளிப்படையாவே சொன்னாங்க. அவ்வளவு பெரிய நடிகை, அட்டைப்படத்துக்குன்னே போஸ் குடுத்தவங்க, அவங்களுக்கே உறுத்தியிருக்கு. இவங்க பாவம், மாமனார் மாமியார் விசேஷத்துக்கு வந்து நின்னவங்க.

நீங்க ஏற்கனவே "பண்ணிடலாம் மேடம்"னு சொல்லிட்டு வந்துட்டீங்கன்னு தெரியும், அந்த தர்மசங்கடம் எனக்குப் புரியுது, என்னால உங்க வார்த்தை கெடக் கூடாது. அதனால அவங்களுக்கு அனுப்ப ஒரு மெசேஜ் எழுதியிருக்கேன், வேணும்னா அப்படியே ஃபார்வர்டு பண்ணுங்க:

"மேடம், குரூப் போட்டோ பாத்தோம். ஓரத்துல நிக்கிறவங்க முகம் லென்ஸால கொஞ்சம் அகலமா வந்திருக்கு, ரெண்டு பக்கமும் அதை சரி பண்றோம், ஃபிளாஷ் பளபளப்பையும் குறைக்கிறோம். முகத்தோட அமைப்பை, அவங்கவங்களே வந்து சொல்லாம நாங்க மாத்துறதில்ல, எங்க ஸ்டுடியோல எல்லாருக்கும் இப்படித்தான். பிரிண்ட்டுக்கு முன்னாடி ப்ரிவ்யூ அனுப்புறோம், வீட்ல எல்லாரும் பாத்து சொல்லுங்க."

மாத்திரை, உடம்புன்னு ஒரு வார்த்தையும் அதுல போடல, கவனிச்சீங்களா. அது ஃபேமிலி குரூப்ல சுத்துச்சுன்னா வம்பு. முக்கியமா ஒண்ணு, யாரையும் விட்டு அவங்ககிட்ட "முகத்தைக் குறைக்கட்டுமா"ன்னு கேக்க வைக்காதீங்க, அந்தக் கேள்வியே போதும் நோகடிக்க. ப்ரிவ்யூ எல்லாருக்கும் போற மாதிரி அவங்களுக்கும் போகட்டும். அவங்களே எதாவது சொன்னா என் நம்பரைக் குடுங்க, இல்ல ஒரு நாள் கடைக்கு வரச் சொல்லுங்க, பக்கத்துல சேர் போட்டு உக்கார வெச்சு, ஸ்க்ரீன்ல அவங்க பாக்கப் பாக்க, அவங்க போதும்னு சொல்ற இடத்துல நிறுத்துறேன். அதுக்குத் தனியா காசு வேணாம்.

இன்னொரு யோசனை. 4136னு ஒரு ஃப்ரேம் இருக்கு, நீங்க ரிஜெக்ட்ல போட்டிருக்கீங்க, மாமா கண்ணாடில கொஞ்சம் க்ளேர் அடிக்குதுன்னுதான் போட்டிருப்பீங்க. அதுல மாமா மாமி, ரெண்டு பசங்க, ரெண்டு மருமக, பேரப் பிள்ளைங்க மட்டும். 50லயோ என்னவோ எடுத்திருக்கீங்க, யாரும் இழுபடல, சின்ன மருமக நடுவுல இருக்காங்க, பேத்தி ஏதோ சொல்ல அவங்க வாய் விட்டு சிரிக்கிறாங்க. க்ளேரை நான் எடுத்துடுவேன். ஹாலுக்குப் பெருசா இதைப் போட்டு, அந்தப் பெரிய குரூப்பை ஆல்பத்துல நடுப்பக்கம் 12x36ல விரிச்சுடலாமான்னு பேச்சோட பேச்சா கேட்டுப் பாருங்க. வேணாம்னா 4127ஏ போகட்டும்.

மத்தபடி 4127ல பண்றது: பெரியப்பா கண்ணாடி, பின்னாடி தெரியுற ப்ளாஸ்டிக் சேர் அடுக்கு, ஹோமப் புகைல மாமாவுக்கு வழியுற வேர்வை. கண்ணை மூடின குட்டிப் பையனுக்கு 4126லேர்ந்து அவன் முகத்தையே எடுத்து வைக்கிறேன்.

இன்னைக்கு ராத்திரி ரெண்டு ஃப்ரேமுக்கும் ப்ரிவ்யூ உங்களுக்கு வந்துடும். ஃப்ரேம் 20x30ஆ 16x24ஆன்னு மட்டும் கேட்டு சொல்லுங்க, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள லேபுக்கு ஃபைல் போகலைன்னா திங்கள்தான் பிரிண்ட். அப்புறம் அந்த வளைகாப்பு கார்டு இன்னும் என்கிட்ட வரல, வர்றப்போ கொண்டு வாங்க.

கவிதா